போர்டு போட்டோவைத் துடைத்துத் திருத்த 12 குறிப்புகள்

டியூஷன் முடிந்ததும் போர்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது இப்போது எல்லா ஊரிலும் வழக்கம். தேர்வுக்கு முந்தைய நாள் அதைத் திறந்தால் இரண்டு தொல்லைகள் காத்திருக்கும். டியூப்லைட் போர்டில் பட்டு, எழுத்தின் மேலேயே ஒரு வெள்ளைப் பட்டை விழுந்திருக்கும். அவசரத்தில் எழுதிய சூத்திரத்தில் ஏதாவது விட்டுப் போயிருக்கும். போர்டையோ அன்றைக்கே டஸ்டரால் துடைத்திருப்பார்கள்.

இந்த இரண்டையும் வீட்டுக் கணினியிலேயே சரிசெய்யலாம். 'ஜிம்ப்' என்ற இலவச மென்பொருள் போதும். எடுத்துக்காட்டாகப் பத்தாம் வகுப்பு அளவியலில் வரும் கூம்புக் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வோம். போர்டில் இருப்பது இது:

```
r = 7 செ.மீ.,  h = 12 செ.மீ.
V = πr²h
  = 1/3 × 22/7 × 7 × 7 × 12
  = 616 செ.மீ.³
```

இரண்டாம் வரியில் 1/3 இல்லை. மூன்றாம் வரியின் வலது கோடியில், 12 என்ற எண்ணின் மேல் வெளிச்சத் திட்டு. வேலையை இந்த வரிசையில் செய்ய வேண்டும்: முதலில் படத்தை நேராக்குவது, பிறகு பின்னணியை வெளுப்பாக்குவது, பிறகு அழிப்பது, கடைசியில் எழுதுவது. வரிசை மாறினால் வேலை இரட்டிப்பாகும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

1. போர்டு இன்னும் அழியாமல் இருந்தால்

படத்தைத் தொடவே வேண்டாம். மார்க்கரை எடுத்து விட்டுப்போன 1/3-ஐ எழுதிவிட்டு இன்னொரு போட்டோ எடுங்கள். கணினியில் அரை மணி நேரம் செய்யும் வேலை போர்டில் அரை நிமிடத்தில் முடியும். போர்டு உங்கள் கைக்கு எட்டாதபோதுதான் மற்ற குறிப்புகள் தேவை.

மறுபடி எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். போர்டுக்கு நேர் எதிரே நின்று ஃபிளாஷ் போட்டால் அந்த வெளிச்சம் அப்படியே லென்ஸுக்குத் திரும்பி வரும். படத்தின் நடுவில் பளீரென்ற வட்டம் விழுவது அதனால்தான்.

2. எங்கே நிற்பது?

வெள்ளைப் பலகையின் மேற்பரப்பு வழவழப்பானது. மார்க்கர் மை உள்ளே இறங்காமல் மேலேயே நின்று, துடைத்தால் போக வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அந்த வழவழப்பால் அது பாதிக் கண்ணாடியாகவும் ஆகிவிடுகிறது. விளக்கின் ஒளி எந்தக் கோணத்தில் வந்து படுகிறதோ, அதே கோணத்தில் எதிர்ப்பக்கம் தெறிக்கும். அந்தத் தெறிப்பின் பாதையில் உங்கள் கைப்பேசி இருந்தால் படத்தில் திட்டு விழும். ஓர் அடி இடது பக்கம் நகர்ந்தால் திட்டும் போர்டில் வேறு இடத்துக்கு நகரும். அது மையில் ஒட்டியிருப்பது அல்ல, நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இந்த ஒரு விஷயம்தான் நமக்குப் பெரிய உதவி.

ஆகவே எப்போதும் இரண்டு படம் எடுங்கள். ஒன்று சற்று இடப்பக்கம் நின்று, இன்னொன்று சற்று வலப்பக்கம் நின்று. இரண்டிலும் போர்டின் நான்கு மூலைகளும் சட்டத்துக்குள் வரட்டும். படம் சாய்வாக விழுகிறதே என்று கவலைப்பட வேண்டாம்; அதை நிமிர்த்துவது எளிது. முடிந்தால் போர்டுக்கு எதிரே உள்ள ஜன்னல் திரையை மூடி, தெறிக்கும் அந்த ஒரு டியூப்லைட்டை மட்டும் அணைத்துவிடுங்கள். கைப்பேசித் திரையில் போர்டின் வெள்ளைப் பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுப்பதும் நல்லது. சற்று இருண்ட படத்தைப் பிறகு வெளிச்சமாக்கலாம். வெந்து வெளுத்துப்போன படத்திலிருந்து எதையும் மீட்க முடியாது.

3. மூலப்படத்தைக் கேட்டு வாங்குங்கள்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தை அது சுருக்கித்தான் அனுப்பும். சுருங்கிய படத்தில் எழுத்தின் ஓரங்களில் புகைபோல ஒரு கசங்கல் இருக்கும். பின்னணியை வெளுப்பாக்கும்போது அந்தக் கசங்கல்தான் எழுத்தைச் சுற்றி அழுக்குப் புள்ளிகளாக நிற்கும். படம் எடுத்தவரிடம் சொல்லி, அதே போட்டோவை `Document` ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் கோப்பு மாறாமல் வரும்.

அதோடு, அவரிடம் வேறு கோணத்தில் எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று எடுத்து ஒன்றை மட்டும்தான் அனுப்புவார்கள். அதே வகுப்பில் இருந்த இன்னொரு பிள்ளையும் எடுத்திருக்கலாம். வந்த படத்தை முதலில் ஒரு பிரதி எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். திருத்தும் வேலை முழுவதும் பிரதியில்தான்.

4. திட்டில் எழுத்து இருக்கிறதா, இல்லையா?

திட்டு இரண்டு வகை. முதல் வகையில் மெல்லிய திரை போட்டதுபோல எழுத்து வெளிறித் தெரியும். இதை மீட்கலாம். இரண்டாம் வகையில் அந்த இடம் முழு வெள்ளையாகி, எழுத்தின் தடமே இருக்காது. இதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இருப்பதுபோல ஒன்றை வரைந்து வைக்க மட்டுமே முடியும்.

எது எந்த வகை என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜிம்ப்பில் படத்தைத் திறந்து, `Color Picker` கருவியால் திட்டின் நடுவில் நாலைந்து இடங்களில் சொடுக்கிப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எங்கே தொட்டாலும் 255 என்றே காட்டினால் அங்கே ஒன்றும் பதிவாகவில்லை. 240, 247, 251 என்று இடத்துக்கு இடம் எண் மாறினால் மை உள்ளே இருக்கிறது.

முழு வெள்ளையான இடத்தை இப்போதே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் 'மூன்றாம் வரி, வலது கோடி' என்று எழுதி வையுங்கள். காரணம் இருக்கிறது. பின்னணியை வெளுப்பாக்கிய பிறகு திட்டும் தெரியாது, திட்டு இருந்த தடமும் தெரியாது. அங்கே எதுவும் எழுதவே இல்லை என்பதுபோலச் சுத்தமான வெற்றிடமாக நிற்கும். `7 × 7 ×` என்று முடிகிற வரியைப் பார்த்தால் சந்தேகம் வரும். ஆனால் திட்டு `× 12` முழுவதையும் விழுங்கியிருந்தால், `7 × 7` என்று முடிகிற வரி சரியாகவே இருப்பதுபோலத் தோன்றும்.

5. சாய்ந்த படத்தை நிமிர்த்துவது

ஜிம்ப்பில் `Perspective` கருவியை எடுங்கள் (`Shift+P`). கருவியின் விருப்பங்களில் `Direction` என்பதை `Corrective (Backward)` என்றும், `Clipping` என்பதை `Clip` என்றும் வையுங்கள். படத்தின் மேல் ஒரு சட்டம் வரும். அதன் நான்கு மூலைகளை இழுத்துப் போர்டின் நான்கு மூலைகளில் பொருத்துங்கள். படத்தைப் பெரிதாக்கி, போர்டின் அலுமினியச் சட்டமும் வெள்ளைப் பரப்பும் சேருகிற உள்மூலையில் சரியாக வையுங்கள். `Transform` அழுத்தினால் போர்டு நேர் செவ்வகமாகிப் படம் முழுவதும் பரவும்.

இதில் அகல உயர விகிதம் கொஞ்சம் மாறலாம். போர்டு 4 அடிக்கு 3 அடியாகவும், போட்டோ கைப்பேசிகளில் வழக்கமான 4:3 ஆகவும் இருந்தால் விகிதம் தானாகவே பொருந்திவிடும். 6 அடிக்கு 4 அடிப் போர்டு என்றால் எழுத்துகள் சற்று ஒடுங்கித் தெரியும். அதை இப்போது தொட வேண்டாம். எல்லா வேலையும் முடிந்த பிறகு `Image > Scale Image` போய், அகலத்துக்கும் உயரத்துக்கும் இடையிலுள்ள சங்கிலிக் குறியைப் பிரித்துவிட்டு, உயரத்தை அகலத்தில் மூன்றில் இரண்டு பங்காகக் கொடுங்கள்.

6. இரண்டு படங்களால் திட்டை விரட்டுவது

போர்டு தட்டையான பரப்பு. அதனால் இடப்பக்கம் நின்று எடுத்ததையும் வலப்பக்கம் நின்று எடுத்ததையும் நான்கு மூலை கொண்டு நிமிர்த்தினால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தும். முகம் போன்ற மேடுபள்ளமானவற்றை எடுத்த படங்களில் இது நடக்காது.

முதல் படத்தைத் திறந்து, `File > Open as Layers` வழியாக இரண்டாவதை அதன் மேல் லேயராகக் கொண்டுவாருங்கள். ஐந்தாம் குறிப்பில் சொன்னபடி ஒவ்வொரு லேயரையும் தனித்தனியே நிமிர்த்துங்கள். பிறகு மேல் லேயரின் `Mode` பட்டியலில் `Darken only` என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு படங்களில் எது இருண்டதோ அது மட்டும் நிற்கும். திட்டு என்பது வெளிச்சம். எழுத்து என்பது இருட்டு. ஆகவே ஒரு படத்தில் திட்டு இருந்த இடத்தில் மற்றப் படத்தின் எழுத்து வந்து நிற்கும். நம் கணக்கில் மறைந்திருந்த 12 இப்போது தெரிய வேண்டும்.

எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தால் மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். மறுபடி பொருத்திப் பாருங்கள். அப்படியும் ஓரங்களில் இரட்டை தெரிந்தால் `Mode`-ஐப் பழையபடி `Normal` ஆக்கி, மேல் லேயருக்கு `Add Layer Mask` கொடுத்து, வெள்ளை மாஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். கறுப்பு நிறத்தில், ஓரம் மென்மையான பிரஷால், திட்டு இருக்கும் இடத்தை மட்டும் மாஸ்க்கில் தீட்டுங்கள். தீட்டிய இடத்தில் கீழே உள்ள படம் தெரியும். மற்ற இடமெல்லாம் ஒரே படமாக இருப்பதால் இரட்டை வராது. திருப்தியானதும் `Image > Flatten Image`.

ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்றால் இந்தக் குறிப்பை விட்டு அடுத்ததற்குப் போகலாம். மறைந்த 12-ஐ ஒன்பதாம் குறிப்பில் கணக்குப் போட்டே கண்டுபிடிப்போம்.

7. பின்னணியை வெளுப்பாக்குவது

வெள்ளைப் போர்டு போட்டோவில் வெள்ளையாக வருவதே இல்லை. ஒரு மூலை சாம்பல், ஒரு மூலை மஞ்சள், நடுவில் நீலம் கலந்த வெள்ளை. படம் முழுவதையும் ஒரே அளவில் வெளிச்சமாக்கினால் சாம்பல் மூலை வெளுப்பதற்குள் நடுவில் உள்ள எழுத்து கரைந்துவிடும். ஒவ்வோர் இடத்துக்கும் அந்த இடத்தின் வெள்ளை எது என்று தெரிந்து, அதால் வகுக்க வேண்டும். போர்டு படங்களைச் சுத்தம் செய்வதைப் பற்றி ஆராய்ந்த ஜெங்யூ ஜாங், லி-வெய் ஹே என்ற மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் கையாண்ட வழியின் அடிப்படையும் இதுதான்.

ஜிம்ப்பில் இது மூன்று படி. `Layer > Duplicate Layer` கொடுத்து ஒரு பிரதி எடுங்கள். மேலே வந்த பிரதியில் `Filters > Blur > Gaussian Blur` போய், எழுத்துகள் முழுக்கக் கரைந்து வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் தெரியும் அளவுக்குக் கலக்குங்கள். பிறகு அந்த லேயரின் `Mode`-ஐ `Divide` ஆக்குங்கள். அந்த நொடியே பின்னணி ஒரே சீராக வெளுத்து, எழுத்து மட்டும் நிற்கும்.

எவ்வளவு கலக்குவது என்பதில்தான் சூட்சுமம். 4000 புள்ளி அகலமுள்ள படத்தில் மார்க்கர் கோடு ஒன்று 12 புள்ளி தடிப்பு இருந்தால், `Size X`, `Size Y` இரண்டிலும் 60 முதல் 80 வரை வைத்துத் தொடங்கலாம். அதாவது கோட்டின் தடிப்பைப்போல ஐந்தாறு மடங்கு. அளவு குறைந்தால் எழுத்தின் நடுப்பகுதி வெளிறி உள்ளீடற்றதுபோலத் தெரியும். அளவு மிஞ்சினால் திட்டைச் சுற்றி ஒரு சாம்பல் விளிம்பு நின்றுவிடும். இந்த இரண்டு அடையாளங்களைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். சரியானதும் மறுபடி `Flatten Image`.

8. கடைசிச் சாயலைப் போக்கும்போது கவனிக்க வேண்டியவை

வகுத்த பிறகும் நேற்றைய பாடத்தின் நிழல் எழுத்துகள் மங்கலாகத் தெரியலாம். சரியாகத் துடைக்காத போர்டில் இது சகஜம். `Colors > Levels` போய், உள்ளீட்டுப் பட்டையின் வலது முனையில் உள்ள வெள்ளை முக்கோணத்தை 230 வரும்வரை இடப்பக்கம் நகர்த்துங்கள். நிழல்கள் மறையும். இடது முனைக் கறுப்பு முக்கோணத்தைச் சற்று வலப்பக்கம் நகர்த்தினால் எழுத்து அடர்த்தியாகும்.

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுவார்கள். வெள்ளை முக்கோணம் நிழலை மட்டும் தின்பதில்லை. மெல்லிய எதையும் தின்னும். தீரப்போகும் மார்க்கரால் எழுதிய வரி, பச்சை, ஆரஞ்சு நிற எழுத்து, தசமப் புள்ளி, கழித்தல் குறி, அடுக்கில் எழுதிய சின்ன 2 ஆகியவைதான் முதலில் போகும். `r²` என்பது `r` ஆகிவிட்டால் படம் அழகாக இருக்கும், சூத்திரம் தப்பாக இருக்கும். எனவே மூலப்படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்து, ஒவ்வொரு வரியிலும் புள்ளிகளையும் குறிகளையும் அடுக்குகளையும் ஒத்துப் பாருங்கள். ஏதாவது காணாமல் போயிருந்தால் முக்கோணத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கொஞ்சம் நிழல் இருந்தால் பரவாயில்லை.

9. அழிக்கும் முன் எந்த வரி தப்பு என்று உறுதிசெய்யுங்கள்

சூத்திர வரி தப்பு என்றால் அதன் கீழ் வரிகளும் தப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சரியாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. விடையிலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள்.

போர்டில் உள்ளபடி `πr²h` என்று வைத்தால் 22/7 × 7 × 7 × 12 = 1848. அது உருளையின் கன அளவு. கூம்பு அதில் மூன்றில் ஒரு பங்கு, 616. போர்டின் விடை 616. மூன்றாம் வரியிலும் 1/3 இருக்கிறது. அப்படியானால் ஆசிரியர் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். சூத்திரத்தை எழுதும்போது மட்டும் 1/3 விட்டுப் போயிருக்கிறது. திருத்த வேண்டியது ஒரே வரி. மூன்றாம் வரியில் 1/3 இல்லாமல் விடையும் 1848 என்று இருந்திருந்தால் மூன்று வரிகளையும் மாற்ற வேண்டியிருக்கும். சூத்திரத்தை மட்டும் திருத்தி 1848-ஐ அப்படியே விட்டால் முன்பு இருந்ததைவிட மோசமான குழப்பம் வரும்.

திட்டில் மறைந்த எண்ணையும் இப்படியே பிடிக்கலாம். மூன்றாம் வரியின் கடைசி எண் தெரியவில்லை, விடை 616 தெரிகிறது. 616-ஐ 3-ஆல் பெருக்கினால் 1848. 22/7 × 7 × 7 என்பது 154. 1848-ஐ 154-ஆல் வகுத்தால் 12. முதல் வரியில் `h = 12` என்றும் இருக்கிறது. இரண்டு வழியும் ஒரே எண்ணைக் காட்டுவதால் தைரியமாக எழுதலாம். ஒரு வழிதான் இருக்கிறது என்றால் பாடப்புத்தகத்தில் கேள்வியைப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

10. தப்பான வரியை அழிப்பது

பின்னணியை முதலில் வெளுப்பாக்கச் சொன்னதன் பலன் இங்கே கிடைக்கிறது. பின்னணி சீரான வெள்ளை என்பதால், வெள்ளை நிற பிரஷால் தீட்டினாலே வரி அழிந்துவிடும். ஒட்டுப் போட்ட தடம் தெரியாது. வெளுப்பாக்காத படத்தில் இதைச் செய்தால் சாம்பல் போர்டில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுபோலத் துருத்தி நிற்கும்.

அழிப்பதற்கு முன், `Rectangle Select` கருவியால் (`R`) அந்த வரி முழுவதையும் சுற்றித் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். `Edit` மெனுவில் உள்ள `Paste as` வழியாகப் புதிய லேயராக ஒட்டி, லேயர் பட்டியலில் அதன் கண் குறியை அணைத்து மறைத்து வையுங்கள். இந்த வரியின் எழுத்துகள் அடுத்த குறிப்பில் வேண்டியிருக்கும். பிறகு அடி லேயருக்கு வந்து, வெள்ளையால் வரியைத் தீட்டி அழியுங்கள். மேல் வரியின் `செ.மீ.` போன்றவற்றின் புள்ளியோ, கீழ் வரியின் பின்னக் கோடோ பிரஷுக்குள் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்னணியில் இன்னும் லேசான சாயல் இருந்தால் `Clone` கருவியை (`C`) எடுங்கள். பக்கத்தில் எழுத்தில்லாத இடத்தில் `Ctrl` பிடித்துச் சொடுக்கிவிட்டு, வரியின் மேல் தீட்டினால் அந்த இடத்தின் சாயலே இங்கே வரும். `Heal` கருவி சாயலை இன்னும் நயமாகக் கலக்கும். ஆனால் எழுத்துக்கு மிக அருகில் அதைப் பயன்படுத்தினால் மையின் நிறத்தையும் சேர்த்து இழுத்துப் பூசிவிடும். எழுத்தை ஒட்டிய இடத்துக்கு `Clone`, வெறும் இடத்துக்கு `Heal`.

11. திருத்திய வரியை அதே கையெழுத்தில் அமைப்பது

நமக்கு வேண்டியது `V = 1/3 πr²h`. இதில் `V =` என்பதும் `πr²h` என்பதும் மறைத்து வைத்த லேயரில் இருக்கின்றன. 1/3 மூன்றாம் வரியில் இருக்கிறது. எல்லாமே ஆசிரியர் கையெழுத்து. புதிதாக எதையும் எழுதாமலே வரியை அமைத்துவிடலாம்.

மறைத்த லேயரைக் காட்டச் செய்து, `V =` பகுதியைத் தேர்ந்தெடுத்துப் புதிய லேயராக ஒட்டுங்கள். `πr²h` பகுதியையும் தனி லேயராக ஒட்டுங்கள். மறைத்து வைத்த லேயரை மறுபடி அணைத்துவிடுங்கள். அடி லேயரின் மூன்றாம் வரியிலிருந்து `= 1/3` வரை நகலெடுத்து இன்னொரு லேயராக ஒட்டுங்கள். ஒட்டிய ஒவ்வொரு லேயரின் `Mode`-ஐயும் `Multiply` ஆக்குங்கள். இப்போது அவை டிரேசிங் தாளில் எழுதியவைபோல ஆகிவிடும்: வெள்ளைப் பகுதி எதையும் மறைக்காது, மை மட்டும் படியும். இதனால் துண்டுகளின் ஓரங்கள் பக்கத்து எழுத்தை வெட்டாது.

`Move` கருவியால் (`M`) `V =` லேயரைப் பழைய இடத்தில் வையுங்கள். `= 1/3` லேயரை, அதன் சமக்குறி மேல் வரியின் சமக்குறியின் மேல் சரியாக விழுமாறு நகர்த்துங்கள். சமக்குறியையும் சேர்த்து நகலெடுக்கச் சொன்னது இதற்காகத்தான். இரண்டு சமக்குறிகளும் பொருந்தினால் பின்னக் கோடும் சரியான உயரத்துக்குத் தானே வந்துவிடும். பொருந்தியதும் கூடுதலாக உள்ள அந்தச் சமக்குறியை வெள்ளையால் அழித்துவிடுங்கள். கடைசியாக `πr²h` லேயரை வலப்பக்கம் தள்ளி, பின்னத்துக்கும் π-க்கும் நடுவே ஓர் எழுத்து இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.

வேண்டிய எழுத்து போர்டில் எங்கும் இல்லை என்றால் என்ன செய்வது? வெள்ளை ஏ4 தாளில், அதே நிற ஸ்கெட்ச் பேனாவால் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் போட்டோ எடுத்து, ஏழாம் எட்டாம் குறிப்புகளின்படி வெளுப்பாக்கி, நகலெடுத்து இங்கே `Multiply` லேயராக ஒட்டுங்கள். `Scale` கருவியால் (`Shift+S`) சுருக்கும்போது எழுத்தின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், கோட்டின் தடிப்பையும் பாருங்கள். உயரம் பொருந்தித் தடிப்பு பொருந்தவில்லை என்றால் வேறு தடிப்புள்ள பேனாவால் எழுதி எடுப்பதே நல்லது. கணினித் திரையில் மவுஸால் எழுதிப் பார்க்க வேண்டாம், எழுத்து நடுங்கும்.

கையெழுத்துப் பொருந்த வேண்டும் என்ற அவசியம் இல்லாவிட்டால் `Text` கருவியால் (`T`) தட்டச்சு செய்து முடித்துவிடலாம். அப்போது அடுக்குக்கு `²` என்ற குறியையே இடுங்கள். `r2` என்று விட்டால் பிள்ளைகள் r-ஐ 2-ஆல் பெருக்குவார்கள்.

12. சேமிப்பதும் அனுப்புவதும்

முதலில் `File > Save` கொடுத்து `.xcf` கோப்பாகச் சேமியுங்கள். லேயர்கள் அதில் பத்திரமாக இருக்கும். நாளைக்கு இன்னொரு தப்பு கண்ணில் பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அனுப்புவதற்கு `File > Export As` போய் `.png` ஆக எடுங்கள். வெள்ளைப் பின்னணியில் கூரான எழுத்துள்ள படத்துக்கு `.jpg`-ஐவிட இது நல்லது; எழுத்தைச் சுற்றிப் புகைபோன்ற கசங்கல் வராது. வாட்ஸ்அப்பில் இதையும் `Document` ஆகவே அனுப்புங்கள்.

அனுப்புவதற்கு முன் படத்தின் கீழ் மூலையில் சிறிய தட்டச்சு எழுத்தில் 'வரி 2 திருத்தப்பட்டது' என்று எழுதித் தேதியும் போடுங்கள். குழுவில் பழைய படமும் புதிய படமும் ஒன்றாகக் கிடக்கும்போது எது சரி என்று பிள்ளைகளுக்கு உடனே தெரியும். போர்டில் எழுதிய ஆசிரியருக்கும் முதலில் காட்டுங்கள். அவர் கையெழுத்தில் அவர் எழுதாத வரியை அவருக்குத் தெரியாமல் சுற்றுக்கு விடுவது முறையல்ல. மாணவரின் விடைத்தாள், கூட்டத்தில் எடுத்த முடிவு, அளவெடுத்த குறிப்பு போன்று நாளை சாட்சியாகக் கேட்கக்கூடிய படங்களில் பின்னணியைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவற்றில் தப்பான வரி தப்பாகவே இருக்கட்டும். திருத்தத்தைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள்.